நேக்கடா ஆப்ஷன் விக்கிறதுல இருந்து ஸ்ப்ரெட்டுக்கு மாறுறது எப்படி: முழு கணக்கோட ஒரு வழிகாட்டி

ஆப்ஷன் வித்து மாசாமாசம் ப்ரீமியம் எடுக்கிறவங்க நிறைய பேரோட கணக்கைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அடி வாங்கினவங்க பெரும்பாலும் ஸ்ட்ரைக்க தப்பா எடுத்ததால அடி வாங்கல, ஸ்ட்ரைக் உடையறதுக்கு முன்னாடியே மார்ஜின் பத்தாம போய் ப்ரோக்கர் மூடிவிட்டதால தான் வாங்கினாங்க. அதனால இதுல ஒரே ஒரு கேஸை எடுத்துக்கிட்டு, இண்டெக்ஸ்ல ஒரு புட்டை நேக்கடா, அதாவது பாதுகாப்புக்கு வேற எதுவும் வாங்காம விக்கிறது, அதை ஆரம்பத்துல இருந்து எக்ஸ்பைரி வரைக்கும் கணக்குப் போட்டு காட்டுறேன். புட், கால், ஸ்ட்ரைக், ஐவி இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்கிறேன்.

1. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டிய நாலு விஷயம்

முதல்ல, ஒரு லாட்டுக்கு எத்தனை யூனிட். ஸ்க்ரீன்ல 5.7னு தெரியற ப்ரீமியம் சின்னதா தான் இருக்கும், ஆனா நஷ்டமும் அதே எண்ணால பெருக்கப்படும்ங்கிறது மனசுல ஏறணும்.

ரெண்டாவது, அந்த ஆப்ஷன் காசுல செட்டில் ஆகுமா இல்ல பங்கு கைமாறுமா. மூணாவது, அமெரிக்கன் வகையா ஐரோப்பியன் வகையா, அதாவது வாங்கினவர் எப்ப வேணா எக்ஸர்சைஸ் பண்ணலாமா இல்ல எக்ஸ்பைரி அன்னிக்கு மட்டும் தானா. இந்த ரெண்டும் கடைசி பகுதியில தான் தேவைப்படும், ஆனா எக்ஸ்பைரி அன்னிக்கு மத்தியானம் தேடிப் படிச்சா லேட்டு.

நாலாவது தான் யாரும் படிக்காதது, ப்ரோக்கரோட ஒப்பந்தத்துல மார்ஜின் பத்தின பக்கம். பெரும்பாலான ஒப்பந்தங்கள்ல ரெண்டு வரி இருக்கும்: மார்ஜின் அளவை எப்ப வேணா கூட்டலாம், பத்தலைன்னா உங்களைக் கேக்காமலே பொசிஷனை மூடலாம். மார்ஜின் கால்னா ஃபோன் வரும், ரெண்டு நாள் டைம் கிடைக்கும்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அந்த நினைப்பை இங்கயே விட்ருங்க.

2. ப்ரீமியத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி நஷ்டக் கணக்கை எழுதுங்க

இந்த வரிசை ஏன் முக்கியம்னா, ப்ரீமியத்தை முதல்ல பாத்துட்டா அதுக்கு ஏத்த மாதிரி நஷ்டத்தை மனசு சின்னதாக்கிக்கும்.

நம்ம கேஸ் இது. இண்டெக்ஸ் 1000ல இருக்கு, எக்ஸ்பைரிக்கு 30 நாள், 950 புட்டோட ஐவி 20%. வட்டியை விட்டுட்டு ப்ளாக் ஷோல்ஸ் கணக்குப் போட்டா விலை 5.7 கிட்ட வரும். ஒரு லாட் 100 யூனிட், அப்ப ஒரு லாட் வித்தா 570 கைக்கு வரும். இண்டெக்ஸ் 5% இறங்கினா தான் ஸ்ட்ரைக்கே வரும், பாக்க சேஃபா தான் இருக்கும்.

இப்ப அஞ்சு நாள் கழிச்சு ஒரு காலையில இண்டெக்ஸ் 960ல திறக்குதுன்னு வைங்க, 4% இறக்கம், ஐவி 35%. புட்டோட விலை 30.1. ஸ்ட்ரைக் இன்னும் 10 பாயிண்ட் கீழ இருக்கு, உடையவே இல்ல, ஆனா நஷ்டம் 24.4, வாங்கின ப்ரீமியத்தைப் போல நாலு மடங்குக்கு மேல. "ஸ்ட்ரைக் வரட்டும் அப்பறம் பாக்கலாம்"னு காத்திருக்கிறது ஏன் வேலைக்காவாதுன்னா இதான் காரணம், விலை இறங்கறது ஒரு பக்கம் இடிக்குது, பயத்துல ஐவி ஏறறது இன்னொரு பக்கம் இடிக்குது, ரெண்டும் ஒரே நேரத்துல வரும்.

இது கற்பனையா போட்ட எண் இல்லையானு கேப்பீங்க. 2018 பிப்ரவரி 5 அன்னிக்கு எஸ் அண்ட் பி 500 சுமார் 4.1% இறங்குச்சு, அதோட ஐவியை அளக்கற விக்ஸ் ஒரே நாள்ல 17 சொச்சத்துல இருந்து 37 சொச்சத்துக்குப் போச்சு. நான் போட்ட 35%ங்கறது அதுக்கு முன்னாடி அடக்கமான எண் தான்.

அடுத்த வரியும் எழுதுங்க: இண்டெக்ஸ் 850, ஐவி 60%. புட்டோட விலை 120 கிட்ட, நஷ்டம் 114. இருபது மாசம் தொடர்ந்து ஜெயிச்சு எடுத்த ப்ரீமியம் ஒரே அடில போகுது. 15% ஒரே நாள்ல விழுமான்னா, 1987 அக்டோபர் 19ல அதே எஸ் அண்ட் பி 500 ஒரே நாள்ல 20%க்கு மேல விழுந்திருக்கு. அடிக்கடி நடக்காது, ஆனா வித்தவரோட மொத்தக் கணக்கையும் தீர்மானிக்கறது அந்த ஒரு நாள் தான்.

இங்க எல்லாரும் சொல்ற பதில் "ஸ்டாப்லாஸ் போட்டிருக்கேன்". மார்க்கெட் ஓடிக்கிட்டு இருக்கும்போது மெதுவா இறங்கினா ஸ்டாப்லாஸ் உதவும். ராத்திரி நடந்த விஷயத்துக்கு காலையில கேப்ல திறந்தா, 12ல போட்ட ஸ்டாப் 30ல தான் நிறைவேறும், லிமிட் வச்ச ஸ்டாப்பா இருந்தா நிறைவேறவே நிறைவேறாது. ஸ்டாப்லாஸ் எந்த விலைக்கும் உத்தரவாதம் தராது, அந்த விலை வந்தா ஆர்டர் போடுங்கற ஒரு குறிப்பு தான் அது.

3. அதே இறக்கத்துல மார்ஜின் என்ன ஆகுதுன்னு கணக்குப் போடுங்க

மார்ஜின் விதி எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் மாறும். பல இடத்துல ஸ்பான் முறை, அதுல விலை ஏறினா இறங்கினா, ஐவி ஏறினா இறங்கினான்னு 16 சூழ்நிலைய ஓட்டிப் பாத்து மோசமான நஷ்டத்தை மார்ஜினா கேப்பாங்க. கையால போட்டுப் பாக்க ஈசியா இருக்கறதால அமெரிக்காவுல பரந்த இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு இருக்கற பழைய விதியை எடுத்துக்கறேன்:

தேவையான மார்ஜின் = ஆப்ஷனோட இன்றைய விலை + இண்டெக்ஸ்ல 15% − ஸ்ட்ரைக்குக்கு இன்னும் இருக்கற தூரம்

இதுக்கு ஒரு குறைஞ்சபட்ச அளவும் உண்டு, நம்ம கேஸ்ல அது குறுக்க வராது.

விக்கிற அன்னிக்கு: 5.7 + 150 − 50 = 105.7. ஒரு லாட்டுக்கு 10,570.

960ல திறந்த அன்னிக்கு: 30.1 + 144 − 10 = 164.1. ஒரு லாட்டுக்கு 16,410.

இப்ப கணக்குல 50,000 இருக்கற ஒருத்தர் 4 லாட் விக்கிறாரு. மார்ஜின் 42,280, இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்கு, ஆப் பச்சையா காட்டுது. ப்ரீமியம் 2,280 சேந்து கணக்குல 52,280. அந்த காலையில தேவை 65,640 ஆகிடுது. பத்தாக்குறை 13,360.

கவனிங்க, அவரோட கணிப்பு இன்னும் தப்பாகல. இண்டெக்ஸ் இங்கயே நின்னு எக்ஸ்பைரி ஆனா புட் ஜீரோ தான், முழு ப்ரீமியமும் அவருக்கு தான். ஆனா அதுவரைக்கும் உக்கார அவருக்கு இடம் இல்ல. போதாக்குறைக்கு அந்த மாதிரி நாள்ல ப்ரோக்கர் 15%ங்கறதை 20% ஆக்கினா இண்டெக்ஸ் ஒரு பாயிண்ட் கூட நகராமலே தேவை இன்னும் 19,200 கூடும்.

இங்க எல்லாரும் பண்ற தப்பு, விக்கிற அன்னிக்கு இருக்கற மார்ஜினை வச்சு லாட் எண்ணிக்கை முடிவு பண்றது. மோசமான நாளோட மார்ஜினை வச்சு தான் முடிவு பண்ணணும்.

4. ப்ரோக்கர் மூடும்போது எந்த விலைக்கு மூடுவாங்கன்னு பாருங்க

மேல இருக்கற கேஸ்ல ஒரு லாட்டை 30.1க்கு திருப்பி வாங்கினா கணக்குல 49,270 மிச்சம், மத்த மூணு லாட்டுக்கு தேவை 49,230. நூலிழைல தப்பிக்கலாம் போல இருக்கும்.

ஆனா அந்த 30.1 நடு விலை. பதட்டமான காலையில வாங்கற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இடைவெளி அகலமாகிடும், 24 ஒரு பக்கம் 36 ஒரு பக்கம்னு நிக்கும். மூடுற ஆர்டர் மார்க்கெட் ஆர்டரா போறதால 36க்கு தான் அடிபடும். அப்ப மிச்சம் 48,680, தேவை 49,230, மறுபடியும் பத்தல, ரெண்டாவது லாட்டும் போகும். அதே நேரத்துல உங்களை மாதிரியே மாட்டின எல்லாரோட ஆர்டரும் அதே ஸ்ட்ரைக்ல வாங்க வந்து நிக்கறதால விலை இன்னும் ஏறும், ஏறினா மீதி ரெண்டு லாட்டோட மார்ஜினும் ஏறும். மத்தியானம் இண்டெக்ஸ் திரும்பி 975க்கு வந்தாலும் அந்த ரெண்டு லாட்டோட நஷ்டம் நஷ்டம் தான். பின்னாடி "நான் சொன்ன மாதிரி தானே வந்துச்சு"னு ஆதங்கப்பட்டவங்க பலரைப் பாத்திருக்கேன், எனக்கே பாவமா இருக்கும், அவங்க சொன்னது சரி தான், ஆனா கணக்குல காசு இல்ல.

5. கீழ ஒரு புட் வாங்கி நஷ்டத்துக்கு தரை போடுங்க

950 புட் விக்கிறப்பவே 920 புட் வாங்குங்க, இந்த ஜோடி தான் ஸ்ப்ரெட். அதோட ஐவி 22%னு வச்சா விலை 2.6. கைக்கு வர்றது 5.7 − 2.6 = 3.1. ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவுல 30 பாயிண்ட், அதனால என்ன நடந்தாலும் அதிகபட்ச நஷ்டம் 30 − 3.1 = 26.9.

அதே 960 காலையில 950 புட் 30.1, 920 புட்டும் சும்மா இருக்காது, 37% ஐவியோட 19.7க்கு வந்திருக்கும். ஸ்ப்ரெட்டோட விலை 10.4, நஷ்டம் 7.3. நேக்கடா வித்தவருக்கு 24.4. அதைவிட முக்கியமானது, ஸ்ப்ரெட்டுக்கு மார்ஜின் 30 பாயிண்ட்ல நிக்கும், மேல சொன்ன விதில அது கூடாது, இண்டெக்ஸ் 850க்கு போனாலும் கூடாது. அந்த 2.6 குடுத்து நீங்க வாங்கறது எக்ஸ்பைரி வரைக்கும் உக்காரற உரிமை. ஸ்பான் முறைல எண் கொஞ்சம் ஆடும், ஆனாலும் நேக்கட் மாதிரி பாயாது.

அகலத்தை எப்படி முடிவு பண்றது? ப்ரீமியத்துல பாதிய தின்னுதேன்னு 800 புட் வாங்கி வச்சு "ஹெட்ஜ் பண்ணிட்டேன்"னு சொல்றவங்க இருக்காங்க. அது ஸ்ப்ரெட் தான், ஆனா அகலம் 150 பாயிண்ட், அதிகபட்ச நஷ்டம் 145 கிட்ட. பேருக்கு தான் தரை, கிணத்துக்கு அடில இருக்கு. ரொம்ப பக்கத்துல 945 வாங்கினா வர்ற கொஞ்சத்தையும் ப்ரோக்கரேஜும் விலை இடைவெளியும் சாப்பிட்ரும். என் வழக்கம், முதல்ல ஒரு பொசிஷன்ல எவ்ளோ போனா பரவாயில்லன்னு ஒரு எண் வச்சுக்கிட்டு அதுல இருந்து அகலத்துக்கு வர்றது, ப்ரீமியத்துல இருந்து வர்றது கிடையாது.

மேல பக்கமும் இதே மாதிரி ஒரு கால் ஸ்ப்ரெட் வித்தா அதான் அயர்ன் காண்டர். எக்ஸ்பைரில ஒரு பக்கம் தான் முழுசா தோக்க முடியும், அதனால ரெண்டு பக்கமும் ஒரே அகலமா இருந்தா நஷ்டம் ஒரு அகலம் கழித்தல் மொத்த ப்ரீமியம். ஆனா ஒண்ணு வாங்கி ரெண்டு விக்கிற ரேஷியோ ஸ்ப்ரெட்ட இந்தப் பட்டியல்ல சேக்காதீங்க, அதுல ஒரு லாட் நேக்கடா தான் தொங்கிக்கிட்டு இருக்கு.

6. லாட் எண்ணிக்கை: ஸ்ப்ரெட் வித்தும் மொத்தமா தொலையற இடம் இதான்

இந்தப் பகுதியை ரெண்டு தடவை படிங்க. ஸ்ப்ரெட்டுக்கு மார்ஜின் கம்மியா கேக்கறதைப் பாத்ததும் கை அரிக்கும். மார்ஜின் 3,000ல வந்த ப்ரீமியம் 310 போக ஒரு ஸ்ப்ரெட்டுக்கு முடங்கறது 2,690 தான், 50,000க்கு 18 ஸ்ப்ரெட் போடலாம்னு ஆப் சொல்லும்.

எக்ஸ்பைரில இண்டெக்ஸ் 920ல முடியுதுன்னு வைங்க, 8% இறக்கம், பெரிய க்ராஷ்லாம் இல்ல, ஒரு மாசத்துல வரக்கூடிய இறக்கம் தான். 4 லாட் நேக்கடா வித்தவர் எப்படியோ மார்ஜினைத் தாங்கி அதுவரை வந்திருந்தா அவருக்கு நஷ்டம் 24.3 × 400 = 9,720. 18 ஸ்ப்ரெட் வித்தவருக்கு 48,420, கணக்கே காலி.

ஒரு ஸ்ப்ரெட்டோட நஷ்டத்துக்கு எல்லை இருக்குங்கறது உண்மை, ஆனா உங்க கணக்கோட நஷ்டத்துக்கு எல்லை போடறது லாட் எண்ணிக்கை மட்டும் தான். அதனால கணக்கு இப்படி போடுங்க: ஒரு பொசிஷன்ல முழுசா போனாலும் தாங்கக்கூடியது கணக்குல 6%னு வச்சா 3,000. அதை 2,690ஆல வகுத்தா ஒண்ணு. ஒரே ஒரு ஸ்ப்ரெட். சப்புன்னு இருக்கும், தெரியும். 310 கிடைக்கறதுக்கா இவ்ளோ வேலைன்னு தோணும். ஆனா 26.9 பணயம் வச்சு 3.1 எடுக்கற வேலை இது, இதோட நிஜமான அளவு இவ்ளோ தான். அதே இறக்கத்துல சேந்து விழக்கூடிய வேற இண்டெக்ஸ் ஸ்ப்ரெட் இருந்தா அதையும் இதே 6%க்குள்ள தான் எண்ணணும், தனித்தனியா எண்ணக் கூடாது.

7. ஆர்டர் போடற வரிசை

நுழையும்போது ரெண்டு லெக்கையும் ஒரே ஆர்டரா லிமிட் விலைல போடுங்க, ப்ரோக்கர் அதுக்கு வசதி தரலைன்னா முதல்ல வாங்குங்க, அப்பறம் வில்லுங்க. முதல்ல வித்துட்டு வாங்கப் போனா நடுவுல கொஞ்ச நேரம் நேக்கடா இருப்பீங்க, அதுக்கு முழு மார்ஜின் கேட்டு ஆர்டரே ரிஜெக்ட் ஆகவும் வாய்ப்பு உண்டு.

வெளிய வரும்போது தலைகீழ்: வித்ததை முதல்ல மூடுங்க, வாங்கினதை அப்பறம் வில்லுங்க. இதுல ஒரு ஆசை இருக்கு, சொல்லியே ஆகணும். என்கிட்ட கத்துக்கிட்டு இருந்த ஒரு தம்பி இறக்கத்துல 920 புட் மாதிரி ஒண்ணு 2.6ல இருந்து 19 ஆனதைப் பாத்துட்டு "அண்ணே, இதுல நல்ல லாபம், எடுத்துட்டேன், மார்க்கெட் இனி திரும்பிரும்"னு சொன்னாப்ல. எடுத்த நிமிஷத்துல அவரு அந்த வாரத்துலயே மோசமான நேரத்துல நேக்கட் புட் வித்தவர் ஆகிட்டாரு, கூடவே மார்ஜின் காலும் வந்துருச்சு. ஹெட்ஜ்ல தெரியற லாபம் லாபம் இல்ல, பக்கத்து லெக்ல தெரியற நஷ்டத்தோட மறுபாதி அது.

8. ஏற்கனவே நேக்கடா மாட்டியிருந்தா

மேல சொன்ன 4 லாட் காரரோட காலைக்கே திரும்பிப் போவோம். பத்தாக்குறை 13,360, கைல வேற காசு இல்ல. வழக்கமா பண்றது, இதை மூடிட்டு கீழ ஸ்ட்ரைக்ல எட்டு லாட் வித்து நஷ்டத்தை ஈடு கட்டறது. அது ப்ரச்சனைய டபுள் பண்ணும், அதை விட்ருங்க.

நாலு லாட்டையும் மூட 12,040 ஆகும், நஷ்டம் 9,760ல முடிஞ்சுது. இது ஒரு வழி, சந்தேகம் இருந்தா இதான் சரியான வழி.

இன்னொரு வழி, இப்பவாவது 920 புட் நாலு லாட் வாங்கறது. 19.7 விலைக்கு 7,880 ஆகும். கணக்குல 44,400 மிச்சம், ஆனா தேவை 65,640ல இருந்து 12,000க்கு இறங்கிடும், ஏன்னா இப்ப அது வெறும் ஸ்ப்ரெட். மார்ஜின் கால் தீந்துச்சு, யாரும் உங்களை மூட முடியாது. விலை என்னன்னா, முதல் நாள் 2.6க்கு வாங்கியிருந்தா அதிகபட்ச நஷ்டம் 26.9, இப்ப அது 30 + 19.7 − 5.7 = 44. நாலு லாட்டுக்கு 17,600. அந்த எண்ணைத் தாங்க முடியும்னா மட்டும் இந்த வழி, இல்லன்னா மூடிருங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் ப்ரோக்கர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க லிமிட் விலை போட்டு பண்ணணும், அவங்க மார்க்கெட் ஆர்டர்ல தான் பண்ணுவாங்க.

9. எக்ஸ்பைரி நாள்ல ஸ்ப்ரெட் உடையற இடம்

காசுல செட்டில் ஆகற ஐரோப்பியன் இண்டெக்ஸ் ஆப்ஷனா இருந்தா ரெண்டு லெக்கும் ஒரே விலைல கணக்குத் தீரும், இங்க பெருசா பயம் இல்ல.

பங்கு கைமாறற ஆப்ஷன்ல கதை வேற. 950 / 920 மாதிரி ஒரு ஸ்ப்ரெட், பங்கு விலை 935ல முடியுதுன்னு வைங்க. வித்த புட் உங்க மேல விழும், 950 வீதம் 100 பங்கு வாங்கியே ஆகணும், அதாவது 95,000. வாங்கின 920 புட் மதிப்பில்லாம காலாவதி ஆகிடும். திங்கக்கிழமை காலையில அந்தப் பங்கு 860ல திறந்தா உங்களைத் தாங்க கீழ எதுவும் இல்ல, 26.9 எல்லைங்கறது வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. விலை ஸ்ட்ரைக்குக்கு மேல முடிஞ்சாலும், மார்க்கெட் மூடின பிறகு ஏதாவது செய்தி வந்தா எதிர் பக்கம் இருக்கறவர் எக்ஸர்சைஸ் பண்ண கொஞ்ச நேரம் இருக்கற இடங்களும் உண்டு.

அமெரிக்கன் வகைல முன்கூட்டியே அசைன் ஆகறதும் நடக்கும். கால் ஸ்ப்ரெட் வித்திருந்தா டிவிடெண்ட் எக்ஸ் தேதிக்கு முந்தின நாள் பாருங்க: வித்த கால்ல மிச்சம் இருக்கற டைம் வேல்யூ டிவிடெண்டை விட கம்மியா இருந்தா, அசைன் ஆகும்னே வச்சுக்கிட்டு அன்னிக்கே மூடிருங்க. மத்தபடி பங்கு ஆப்ஷன்ல விலை ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவுலயோ வித்த ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்துலயோ இருந்தா எக்ஸ்பைரி அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள முழு ஸ்ப்ரெட்டையும் ஒரே ஆர்டர்ல மூடிருங்க, 0.3 மிச்சம் பண்ண அந்த வார இறுதிய பணயம் வைக்க வேணாம்.